தெருவில் பத்து பேர் சேர்ந்து முதலீடு செய்யும் குழு: விதிகள், கணக்கு, விலகல்

கிருஷ்ணகிரி பழையபேட்டையிலோ தருமபுரி குமாரசாமிப்பேட்டையிலோ சீட்டு என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மாதம் எவ்வளவு, யார் எடுத்தார், தள்ளு எவ்வளவு என்று எல்லோருக்கும் மனக்கணக்காகவே தெரியும். அதே தெருக்காரர்கள் பத்து பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய் போட்டு மியூச்சுவல் ஃபண்டில் முதலீடு செய்யத் தொடங்கினால், அந்த மனக்கணக்கு உதவாது. சீட்டில் மொத்தத் தொகை முதல் நாளே முடிவாகிவிடுகிறது. இங்கே குழுவின் சொத்து மதிப்பு தினமும் மாறுகிறது. ஒருவர் பணம் போட்ட நாளும் இன்னொருவர் போட்ட நாளும் வேறாக இருந்தால், இருவரும் போட்டது ஒரே ஆயிரம் என்றாலும் பங்கு ஒன்றல்ல.

இந்தக் குழுக்கள் பெரும்பாலும் உடைவது ஒருவர் விலகும்போதுதான். "நான் போட்டது இருபத்து நாலாயிரம், எனக்கு எவ்வளவு?" என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் இல்லாவிட்டால், அன்று முதல் அந்தத் தெருவில் இரண்டு வீடுகளுக்குப் பேச்சு இருக்காது. அதனால் விலகும் நாளை மனதில் வைத்தே முதல் நாள் விதியை எழுத வேண்டும்.

முதலில் சட்ட உருவம்

நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பதிவு செய்த கூட்டாண்மை நிறுவனமாகத் தொடங்குங்கள் என்பது என் கருத்து. கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, நிறுவனத்தின் பெயரில் பான் கார்டும் கரண்ட் அக்கவுண்டும் வாங்க வேண்டும். 2019-இல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், கூட்டாளிகள் தங்கள் நிறுவனத்தில் போடும் மூலதனத்தை வைப்புத்தொகையாகக் கருதுவதில்லை. பக்கத்துத் தெருக்காரர் கூட்டாளியாகச் சேராமல் "என் பணத்தையும் சேர்த்துப் போட்டு விடுங்கள்" என்று கொடுத்தால் அது வேறு கதை. அதை வாங்கவே கூடாது. இத்தனை சதவீதம் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் கூடாது.

கூட்டாளிகள் 50 பேரைத் தாண்டக் கூடாது என்பது சட்ட வரம்பு. நடைமுறையில் எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும்; அதற்கு மேல் போனால் கூட்டத்துக்கு ஆள் சேராது. குழுப் பணத்தை உறுப்பினருக்கு ஏலம் விட்டால் அது சீட்டு ஆகிவிடும், 1982-ஆம் ஆண்டுச் சிட் ஃபண்டு சட்டம் வந்துவிடும். வட்டிக்கு விட்டாலும் அதற்கென்று தனிச் சட்டம் உண்டு. இரண்டும் கிடையாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். கடன் வாங்கி முதலீடு செய்வதும் கூடாது, ஏனென்றால் நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் தன் சொந்தச் சொத்து வரை பொறுப்பு.

பத்திரத்தில் விட்டுவிடக் கூடாத வரிகள் இரண்டு. ஒன்று, லாப நட்டம் யூனிட் விகிதத்தில், அதாவது குழுச் சொத்தில் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரியும் என்பது. இதை எழுதாவிட்டால் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி எல்லோருக்கும் சமமாகப் பிரியும். அதிகம் போட்டவர் ஏமாந்துபோவார். இன்னொன்று, ஒரு கூட்டாளி இறந்தாலும் நிறுவனம் தொடரும் என்பது. அதையும் எழுதாவிட்டால் ஒரு மரணத்தோடு நிறுவனமே கலைந்ததாகிவிடும்.

நிறுவனம் என்றால் செலவும் உண்டு. வருமானமே இல்லாத ஆண்டிலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். ஆடிட்டர் கட்டணம் ஆண்டுக்கு மூவாயிரம் என்று வைத்துக்கொண்டால், பத்து பேர் ஆயிரம் வீதம் போடும் குழுவுக்கு முதல் ஆண்டில் போட்ட பணத்தில் இரண்டரை சதவீதம் அதற்கே போகும். தொகை சேரச் சேர இந்தப் பாரம் குறையும். முதல் ஆண்டில் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள் என்று கூட்டத்தில் இதை வைத்தே சொல்லிவிடலாம். கரண்ட் அக்கவுண்டில் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்பதையும் தொடங்கும் முன்பே கேளுங்கள். சிறு குழுவுக்கு எந்த வங்கி சரி என்பதை அதுதான் முடிவு செய்யும்.

எதில் முதலீடு செய்வது? நிறுவனப் பங்குகளைக் கூட்டாண்மையின் பெயரில் வைக்க முடியாது. டிமேட் கணக்கு கூட்டாளிகளின் சொந்தப் பெயரில்தான் இருக்கும், அதற்கு மேலும் ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கும். மியூச்சுவல் ஃபண்டை நிறுவனத்தின் பெயரிலேயே வாங்கலாம். அதனால் தொடக்கத்தில் ஒன்றிரண்டு ஃபண்டுகளோடு, லாபத்தைப் பிரித்துக் கொடுக்காத குரோத் வகையில் நிறுத்திக்கொள்வது நல்லது. கீழே வரும் கணக்கு, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டை வைத்துப் போட்டது.

சந்தாவும் யூனிட்டும்

குழுவின் சொத்தைச் சம மதிப்புள்ள துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு யூனிட். முதல் மாதம் ஒரு யூனிட் 100 ரூபாய் என்று நாமே வைத்துக்கொள்கிறோம். பத்து பேர் ஆயிரம் வீதம் போட்டால் ஆளுக்கு 10 யூனிட், மொத்தம் 100 யூனிட். அடுத்த மாதத்திலிருந்து யூனிட் விலையை நாம் வைப்பதில்லை, சொத்து மதிப்பு முடிவு செய்கிறது.

மாதம் 1 முதல் 5-ஆம் தேதிக்குள் சந்தா வங்கியில் ஏற வேண்டும். 5-ஆம் தேதி மதிப்பீட்டு நாள். அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். அன்றிரவு ஃபண்டின் விலை வெளியானதும் யூனிட் விலையைக் கணக்கிட்டு, வந்த சந்தாவுக்கு யூனிட் எழுத வேண்டும். மறுநாள் அந்தப் பணம் ஃபண்டுக்குப் போகும்.

இரண்டாம் மாதக் கணக்கைப் பார்ப்போம். முதல் மாதம் வந்த 10,000-இல் 9,000 ஃபண்டில் போட்டு 1,000 வங்கியில் வைத்திருக்கிறார்கள். ஃபண்ட் இப்போது 9,450 ஆகியிருக்கிறது. நோட்டு, ரசீதுப் புத்தகம் வாங்கிய கடையில் 50 ரூபாய் பாக்கி. ஒன்பது பேர் இந்த மாதச் சந்தாவைப் போட்டுவிட்டதால் வங்கியில் 10,000 தெரிகிறது. பத்தாவது ஆள் மாம்பழ மண்டிக்காரர். சீசன் பணம் கைக்கு வரும் வரை மாதாமாதம் போட முடியாது என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

கணினியிலோ செல்போனிலோ விரிதாள் வைத்திருந்தால் ஒரே வரி போதும். B2-இல் ஃபண்ட் மதிப்பு, B3-இல் வங்கி இருப்பு, B4-இல் பாக்கி, B5-இல் இன்னும் யூனிட் எழுதாத இந்த மாதச் சந்தா, B6-இல் ஏற்கெனவே உள்ள யூனிட்.

```
=ROUND((B2+B3-B4-B5)/B6, 4)
```

9,450 கூட்டல் 10,000, அதில் 50-ஐயும் 9,000-ஐயும் கழித்தால் 10,400. அதை 100 யூனிட்டால் வகுத்தால் யூனிட் விலை 104 ரூபாய். ஆயிரம் போட்ட ஒவ்வொருவருக்கும் 1,000-ஐ 104-ஆல் வகுத்து 9.6154 யூனிட். ஒன்பது பேருக்கு 86.5386. குழுவின் மொத்த யூனிட் இப்போது 186.5386.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை போடுங்கள். சந்தாவையும் சேர்த்து இப்போது குழுவின் சொத்து 19,400. அதைப் புதிய மொத்த யூனிட்டால் வகுத்தால் மறுபடி 104 வர வேண்டும், நான்காவது தசமத்தில் வேண்டுமானால் ஒன்று கூடலாம் குறையலாம். புதுப் பணம் உள்ளே வருவதால் பழைய யூனிட்டின் விலை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. விலை மாறினால் அந்த மாதக் கணக்கில் தவறு இருக்கிறது. யாருக்கும் ரசீது கொடுக்காமல் முதலிலிருந்து பாருங்கள்.

அந்தத் தவறு பெரும்பாலும் B5-இல்தான் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் 10,000 தெரிகிறதே என்று புதுச் சந்தாவைக் கழிக்காமல் விட்டால் 19,400-ஐ 100-ஆல் வகுத்து யூனிட் விலை 194 என்று வரும். ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 5.1546 யூனிட்தான் கிடைக்கும். அப்புறம் மொத்த யூனிட் 146.3914, விலை சுமார் 132.52. இந்த மாதம் எதுவும் போடாத மண்டிக்காரரின் 10 யூனிட் 1,325 ரூபாய் ஆகிவிடும்; நியாயமாக அவருக்கு 1,040-தான். அந்த 285 ரூபாய், ஒழுங்காகச் சந்தா கட்டிய ஒன்பது பேரிடமிருந்து ஆளுக்கு ஏறக்குறைய 32 ரூபாயாகப் போனது. யாரும் திருடவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. சில மாதம் இப்படியே போனால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

மண்டிக்காரர் ஜூலையில் சீசன் முடிந்து 11,000 மொத்தமாகக் கொண்டுவருகிறார், அன்று யூனிட் விலை 108 என்று வைத்துக்கொண்டால் அவருக்கு 101.8519 யூனிட். இதில் சலுகையும் இல்லை, தண்டனையும் இல்லை. முன்பு போட்டவர்களுக்கு விலை ஏறியதன் பலன் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. இவர் இன்றைய விலைக்கு வாங்குகிறார். தாமதக் கட்டணம் என்று ஒன்று வைக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். தக்காளி விலை சரிந்த மாதத்தில் பாலக்கோட்டு விவசாயியிடம் ஐம்பது ரூபாய் அபராதம் கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். யூனிட் முறையில் தாமதத்தின் விளைவு தானாகவே கணக்கில் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு வரம்பு வேண்டும்: யாருடைய யூனிட்டும் மொத்தத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவர் விலகும் நாளில் குழுவே ஆட்டம் காணும்.

முடிவு எடுப்பது

குழுவில் விவரம் தெரிந்தவர் என்று ஒருவர் இருப்பார், எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். பலருடைய பணத்தைத் திரட்டி, அதன் அன்றாட நிர்வாகத்தில் அவர்களுக்குப் பங்கில்லாமல் வேறொருவர் நடத்தினால், அது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் அனுமதி தேவைப்படும் கூட்டு முதலீட்டுத் திட்டமாகப் பார்க்கப்படலாம். எல்லோரும் கூடி, பேசி, ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள் என்பதற்குத் தீர்மான நோட்டுதான் சாட்சி.

ஓட்டு ஆளுக்கு ஒன்று. யூனிட் கணக்கில் ஓட்டு வைத்தால், சீசன் பணத்தை மொத்தமாகப் போடுகிறவர் சொல்வதே நடக்கும். பத்து பேரில் ஏழு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று வையுங்கள். வாங்குவதற்கும் விற்பதற்கும் வந்தவர்களில் பாதிக்கு மேல் போதும். புது ஆளைச் சேர்ப்பதற்கும் விதியை மாற்றுவதற்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். வர முடியாதவர் வாட்ஸ்அப்பில் சம்மதம் சொல்லலாம், ஆனால் தீர்மான நோட்டில் அதை எழுதி, அடுத்த கூட்டத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

தீர்மானத்தை மொட்டையாக எழுதக் கூடாது. "ஃபண்ட் வாங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்றால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. எந்த ஃபண்ட், எவ்வளவு, ஏன், எந்த நிலையில் விற்போம், எதிர்த்து ஓட்டுப் போட்டவர் யார் என்ற ஐந்தும் இருக்கட்டும். எதிர்த்தவரின் பெயரைப் பதிவு செய்வது அவருக்குச் செய்யும் மரியாதை. பின்னால் நட்டம் வரும்போது "நான் அன்றே சொன்னேன்" என்ற சண்டைக்கும் இடமிருக்காது.

எந்தப் புத்தகங்கள், யார் கையில்

ரொக்கமாக ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். எல்லாம் வங்கி வழியாகத்தான். அப்படிச் செய்தால் வங்கி அறிக்கையே பாதிக் கணக்கு. அதோடு மூன்று பதிவுகள் போதும்: யூனிட் பேரேடு, மாத மதிப்பீட்டுத் தாள், தீர்மான நோட்டு. யூனிட் பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, போட்ட தொகை, அன்றைய யூனிட் விலை, கிடைத்த யூனிட், மொத்த யூனிட். மதிப்பீட்டுத் தாளுடன் அன்றைய வங்கி இருப்பையும் ஃபண்ட் அறிக்கையையும் அச்செடுத்து ஒட்டுங்கள்.

காசோலையில் கையெழுத்திடும் இருவரில் யாரும் கணக்கு எழுதுபவராக இருக்கக் கூடாது. வேறொருவர் மாதாமாதம் மூன்றே விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும்: பேரேட்டில் உள்ள யூனிட்களின் கூட்டுத்தொகை மதிப்பீட்டுத் தாளோடு ஒத்துப்போகிறதா, வங்கி இருப்பு அறிக்கையோடு ஒத்துப்போகிறதா, ஃபண்டில் உள்ள யூனிட் ஃபண்ட் அறிக்கையோடு ஒத்துப்போகிறதா. இந்த வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கை மாறட்டும். கணக்கு ஒருவருக்கு மட்டுமே புரியும் என்ற நிலை வந்துவிட்டால் அவர் ஊரை விட்டுப் போகும்போது குழுவும் போய்விடும்.

ஒருவர் விலகும்போது

இரண்டு ஆண்டு கழித்து, தையல் கடை வைத்திருந்த அக்கா தன் மகனோடு ஓசூரில் குடியேறப் போகிறார், விலக வேண்டும் என்கிறார். விதிப்படி ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்த மதிப்பீட்டு நாளில் அவருடைய கணக்கு முடியும். அந்த மாதச் சந்தா அவரிடம் வாங்க வேண்டாம். மற்றவர்களின் சந்தாவையும் அவர் கணக்கு முடியும் வரை சேர்க்காமல் இருந்தால் குழப்பம் குறையும்.

அன்று ஃபண்ட் மதிப்பு 2,58,400. வங்கியில் 6,350. ஆடிட்டருக்குத் தர வேண்டியது 3,000. நிகர மதிப்பு 2,61,750. மொத்த யூனிட் 2,150. யூனிட் விலை 121.7442. அக்காவிடம் 214.5 யூனிட் இருக்கிறது, ஆக அவருக்கு 26,114 ரூபாய் 13 காசு. அவர் போட்டது 24,000.

ஆடிட்டர் பாக்கியை முன்பே கழித்தது முக்கியம். கழிக்காமல் விட்டால், அவர் குழுவில் இருந்த காலத்துச் செலவை அவர் போன பிறகு மற்ற ஒன்பது பேர் சுமப்பார்கள்.

வங்கியில் அவ்வளவு பணம் இல்லை, ஃபண்டில் கொஞ்சம் விற்க வேண்டும். இங்கேதான் தேதி தகராறு வரும். 5-ஆம் தேதி விலையில் கணக்குப் போட்டு 9-ஆம் தேதி விற்றால், இடையில் சந்தை இறங்கிய நட்டம் மற்றவர்கள் தலையில் விழும். ஏறினால் அக்காவுக்குக் குறை. மதிப்பீட்டு நாளன்றே பிற்பகல் 3 மணிக்கு முன் விற்பனை விண்ணப்பத்தைக் கொடுத்தால் அன்றைய விலையே கிடைக்கும், மதிப்பீடும் விற்பனையும் ஒரே விலையில் முடியும். அந்த நேரத்தில் சரியான தொகை தெரியாது. முந்தைய நாள் விலையை வைத்துக் கொஞ்சம் கூடுதலாக, இந்தக் கணக்கில் 24,000, எடுத்துவிடலாம். மிச்சம் வங்கியில் கிடக்கட்டும்.

பணம் கொடுத்த பிறகு வங்கியில் 4,235.87, ஃபண்டில் 2,34,400, பாக்கி 3,000. நிகரம் 2,35,635.87. மீதி யூனிட் 1,935.5. வகுத்துப் பாருங்கள், யூனிட் விலை அதே 121.7442. போனவர் மற்றவர்களிடமிருந்து எதுவும் எடுத்துப் போகவில்லை, எதையும் விட்டுச் செல்லவுமில்லை என்பதற்கு இந்த எண்தான் ஆதாரம். இந்தத் தாளை எல்லோரும் பார்க்கும்படி கூட்டத்தில் வையுங்கள்.

விலகுகிறவருக்காக விற்பதால் வரும் நேரடிச் செலவு, அதாவது ஃபண்டின் வெளியேறும் கட்டணமும் வரியும், அவருடையது என்று விதியில் இருக்க வேண்டும். வேறு பிடித்தம் வேண்டாம். அபராதம் வைத்து ஆளைப் பிடித்து வைக்க நினைக்காதீர்கள். மியூச்சுவல் ஃபண்டில் முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு. அதனால் இங்கே விற்றவை ஓராண்டைத் தாண்டியவை. பங்குச் சந்தை ஃபண்டில் ஓராண்டுக்கு மேற்பட்ட லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். இந்தக் கணக்கில் வரி எதுவும் வரவில்லை. ஆனால் விலகும் கூட்டாளிக்கு அவருடைய மூலதனக் கணக்கில் உள்ளதைவிட அதிகமாகக் கொடுத்தால், அந்த அதிகத்துக்கு நிறுவனத்தின் மேல் வரி போட வருமான வரிச் சட்டத்தில் தனி விதி இருக்கிறது. விற்பனை லாபத்தை முதலில் கணக்கில் எழுதி, அக்காவின் பங்கான 2,114 ரூபாயை அவருடைய மூலதனக் கணக்கில் வரவு வைத்து, அப்புறம் பணம் கொடுக்கும் வரிசையை ஆடிட்டரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் பதினைந்து நாளுக்குள், அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு மட்டும். இரண்டு பேர் ஒரே மாதத்தில் விலகக் கேட்டால், அல்லது கேட்கும் தொகை குழுவின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்தந்த மாத விலையில் மூன்று தவணையாகக் கொடுக்கலாம் என்றும் ஒரு விதி வையுங்கள். தவணை முடியும் வரை மிச்ச யூனிட் அவர் பெயரிலேயே இருக்கும், விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கே.

பணம் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. விலகல் பத்திரம் எழுதி, மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூரில் வரும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதுவரை வெளியாரைப் பொறுத்தவரை அவரும் கூட்டாளிதான். நிறுவனத்தின் பொறுப்புகளிலிருந்து அவர் முழுதாக விடுபடுவதில்லை. வங்கியில் கையெழுத்து அதிகாரம் அவருக்கு இருந்திருந்தால் அதை மாற்றுவது முதல் நாள் வேலை.

இறந்த உறுப்பினருக்கும் இதே கணக்குதான். இறந்த நாளுக்கு அடுத்த மதிப்பீட்டு நாளின் விலை, பணம் சட்டப்படியான வாரிசுகளுக்கு. வாரிசுச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்திலிருந்து வர நாளாகலாம், அதுவரை அந்தத் தொகையைக் குழுவின் பணத்தோடு கலக்காமல் தனியே வைத்து, மதிப்பீட்டுத் தாளில் பாக்கி என்ற இடத்தில் மாதாமாதம் எழுதிக்கொண்டே வாருங்கள்.